மாலை ஏழு மணிக்கு நெட் திணறினால் கேமராவைப் பாருங்கள்

நெட் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது ஸ்பீட் டெஸ்ட். அது 90 எம்பிபிஎஸ் என்று காட்டும். கட்டிய பணத்துக்கு ஏற்ற வேகம்தான். ஆனால் அதே நேரத்தில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில் டீச்சர் பேசுவது இங்கே தெளிவாகக் கேட்கிறது, பிள்ளை பதில் சொன்னால் மட்டும் அங்கே துண்டு துண்டாகப் போகிறது. கூகுள் பே திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் உடனே வேலை செய்கிறது. யூடியூப் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் டவுன்லோடில் கோளாறு இல்லை. வீட்டிலிருந்து வெளியே போகும் பாதை, அதாவது அப்லோடு, அடைத்துக்கொண்டிருக்கிறது. கேமரா மாட்டிய வீடுகளில் அதை அடைப்பது பெரும்பாலும் கேமராதான்.

விளம்பரத்தில் வரும் எண் டவுன்லோடு வேகம். ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் அப்லோடும் அதே அளவுக்குக் கிடைக்கும், அந்த வீடுகளில் இந்தச் சிக்கல் அபூர்வம். மொட்டை மாடியில் பெட்டி வைத்துத் தரும் 5ஜி இணைப்பு அப்படியில்லை. அதில் பெரும்பாலும் ஒரே அலைவரிசையைத்தான் இரண்டு திசைக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கிறார்கள். நேரத்தின் பெரும்பகுதி டவுன்லோடுக்குப் போய்விடும். டவரின் சக்தியோடு ஒப்பிட்டால் மாடிப் பெட்டி சிக்னல் அனுப்பும் சக்தியும் மிகக் குறைவு. அதனால் 100 எம்பிபிஎஸ் டவுன்லோடு வரும் வீட்டில் அப்லோடு 10 அளவில் இருப்பது சாதாரணம். மாலையில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் வீட்டுக்கு வந்த பிறகு அதுவும் குறையும். பழைய டெலிபோன் கம்பியில் வரும் பிராட்பேண்டில் அப்லோடு இன்னும் குறுகல்.

அப்லோடு நிறைந்தால் டவுன்லோடு ஏன் தடுமாற வேண்டும் என்று கேட்பார்கள். இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கீழே வரும் தரவுக்கும் மேலே ஒரு பதில் போயாக வேண்டும். டவுன்லோடு ஆகும் ஒவ்வொரு இரண்டு பொட்டலத்துக்கும் ஏறத்தாழ ஒரு தடவை, "வந்து சேர்ந்தது" என்று நம் கருவி திருப்பிச் சொல்லும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் டவுன்லோடு செய்தால் இந்தப் பதில்களே அப்லோடில் ஏறத்தாழ 2 எம்பிபிஎஸ் பிடிக்கும். பதில் தாமதமானால் அனுப்புபவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

இரண்டாவது காரணம்தான் பெரிய தொல்லை. ரவுட்டர், வெளியே அனுப்ப முடியாத பொட்டலங்களை ஒரு வரிசையில் நிறுத்தி வைக்கும். அந்த வரிசை 1 எம்பி கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 எம்பி என்பது 8 மெகாபிட். அப்லோடு 6 எம்பிபிஎஸ் என்றால் அந்த வரிசை காலியாக 1.3 விநாடி ஆகும். இப்போது வீடியோ அழைப்பில் பிள்ளை சொன்ன "யெஸ் மிஸ்" என்ற சின்னப் பொட்டலம் கேமரா படங்களுக்குப் பின்னால் வரிசையில் போய் நிற்கிறது. 1.3 விநாடி கழித்துத்தான் வீட்டை விட்டே கிளம்பும். பேமெண்ட் ஆப் திறக்கும்போது போனும் சர்வரும் நாலைந்து தடவை மாறி மாறிப் பேசிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு தடவையும் இதே காத்திருப்பு. யூடியூப் முன்கூட்டியே நிறைய இறக்கி வைத்துக்கொள்வதால் அதில் ஒன்றும் தெரிவதில்லை. "யூடியூப் ஓடுதே, அப்புறம் நெட்டுல என்ன பிரச்சனை?" என்று கேட்கும் நெட்காரருக்கு இதுதான் பதில்.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு எண்களோடு பார்ப்போம். திருச்சிக்கு வெளியே, ஃபைபர் இன்னும் வராத ஒரு நகர். மாடியில் 5ஜி பெட்டி. அப்லோடு காலையில் 11 எம்பிபிஎஸ், இரவு ஏழரைக்கு 6. வீட்டைச் சுற்றி நாலு 4 மெகாபிக்சல் கேமராக்கள், அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான என்விஆர் ஒன்று. ஹாலில் பாட்டியின் கட்டிலைப் பார்த்தபடி ஒரு வைஃபை கேமரா, அதற்கு 24 மணி நேர கிளவுட் ரெக்கார்டிங் சந்தா. வாசலில் வீடியோ காலிங் பெல். ஸ்மார்ட் பல்பு, பிளக், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து ஒரு பத்து. மகன் துபாயில். அங்கே சமையலறை மேடையில் ஒரு பழைய டேப்லெட்டை ஸ்டாண்டில் நிறுத்தி, வீட்டின் நாலு கேமராவையும் நாலு கட்டமாகத் திறந்து வைத்திருக்கிறார். அம்மா வாசல் தெளிப்பதையும் அப்பா கேட்டைப் பூட்டுவதையும் பார்த்துக்கொண்டே சமைப்பார். அவர் வேலை முடிந்து வந்து டேப்லெட்டைத் திறப்பது அங்கே மாலை ஐந்தரைக்கு. இங்கே மணி ஏழு.

இந்த வீட்டில் "தினமும் ஏழு மணியானா நெட் போயிடுது" என்ற புகார் வரும். நெட்காரர் டவரில் கூட்டம் என்பார், அதில் பாதி உண்மையும் இருக்கும். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க, ஒரு சின்னப் பொட்டலம் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் பிங் போதும்.

தடுமாறும் நேரத்திலேயே சோதிக்க வேண்டும். காலையில் செய்து பயனில்லை. ஒரு லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரையும் மற்றதில் வெளியே உள்ள ஒரு சர்வரையும் பிங் செய்யுங்கள்.

```
ping -t 192.168.1.1
ping -t 1.1.1.1
```

முதல் வரியில் உங்கள் ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் `-t` வேண்டாம், அது இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரு நிமிடம் ஓடவிட்டு எண்களைப் பாருங்கள். ரவுட்டர் வரியில் 2, 3, 5 மில்லி செகண்ட் என்று சீராக வந்து, வெளி வரியில் மட்டும் 1,200, 1,350 என்று ஏறினால் வீட்டுக்குள் வைஃபை நன்றாக இருக்கிறது, வெளியே போகும் வழிதான் அடைத்திருக்கிறது. ரவுட்டர் வரியே 200, 400 என்று குதித்தால் அது வைஃபை பிரச்சினை. கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அதற்கு மருந்து வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கிப் பணத்தை வீணாக்கும் வீடுகள் ஏராளம்.

நம் திருச்சி வீட்டில் ரவுட்டர் வரி 3, வெளி வரி 1,300 என்று இருப்பதாகக் கொள்வோம். இப்போது பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். முதலில் ஹால் வைஃபை கேமராவின் அடாப்டரைக் கழற்றி அரை நிமிடம் பாருங்கள். 1,300 அப்படியே நிற்கிறது. காலிங் பெல்லை ஆப்பில் நிறுத்திப் பாருங்கள், மாற்றமில்லை. மாடியில் சார்ஜில் கிடக்கும் போன் அன்றைய புகைப்படங்களை பேக்கப் செய்துகொண்டிருக்கலாம், அதன் வைஃபையை அணையுங்கள். என்விஆரிலிருந்து ரவுட்டருக்கு வரும் லேன் கேபிளைக் கழற்றியதும் வரியில் 1,300, 640, 31, 30, 30. அகப்பட்டது. கேபிளைத் திரும்பச் செருகி ஒரு நிமிடத்துக்குள் மறுபடி ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை இறங்கியது தற்செயலாகவும் இருக்கலாம்.

என்விஆர் என்றதும் "எல்லாம் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கில்தானே பதிவாகிறது, அது எதற்கு நெட்டைத் தின்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கேமராவிலிருந்து என்விஆருக்குப் போகும் படம் வீட்டு கேபிளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அது நாலு கேமராவானாலும் நாற்பது கேமராவானாலும் அப்லோடில் ஒரு பிட்டும் செலவில்லை. வெளியிலிருந்து யாராவது பார்க்கும்போதுதான் செலவு ஆரம்பிக்கிறது. இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் தனி ஸ்ட்ரீம், இரட்டைச் செலவு. துபாய் டேப்லெட் நாலு கேமராவை எச்டியில் இழுக்கிறது. ஒவ்வொன்றும் இரவில் 2 எம்பிபிஎஸ் என்றால் மொத்தம் 8. இருப்பதோ 6. ஹால் கேமராவின் கிளவுட் 1.5 சேர்ந்தால் ஒன்பதரை. ஹால் கேமராவை மட்டும் பிடுங்கியபோது பிங் ஏன் இறங்கவில்லை என்பது இதில் புரியும். ஒன்பதரையிலிருந்து ஒன்றரையைக் கழித்தாலும் எட்டு, அதுவும் ஆறுக்குள் அடங்காது. ஒன்றை எடுத்துப் பார்த்து மாற்றமில்லை என்றால் அது நிரபராதி என்று முடிவு கட்டாதீர்கள். பெரியதை எடுத்த பிறகு சிறியதைத் திரும்ப மாட்டிச் சோதியுங்கள்.

பகலில் மகன் விடுமுறை நாளில் இதே டேப்லெட்டைத் திறந்தால் இவ்வளவு மோசமாக இருக்காது. அதற்குக் காரணம் கேமரா படத்தைச் சுருக்கும் விதம். முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எது மாறியதோ அதை மட்டுமே அனுப்பும். வெயில் நேரத்தில் காலியாகக் கிடக்கும் முற்றத்தில் மாற்றம் கொஞ்சம்தான், அதே கேமரா ஒரு எம்பிபிஎஸ்ஸுக்குள் முடித்துவிடும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குப் போட்டு கறுப்பு வெள்ளைக்கு மாறும். வெளிச்சம் போதாமல் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஆடும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுவதால் எல்லாமே மாற்றம் என்று கேமரா எடுத்துக்கொள்கிறது. விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவான பிட்ரேட் நாம் வைத்த உச்ச வரம்பைத் தொட்டுவிடும். இதோடு பூச்சிகள் வேறு. லென்ஸுக்குப் பக்கத்திலேயே விளக்கு எரிவதால் பூச்சி வருகிறது, பூச்சியைத் தேடிச் சிலந்தி வருகிறது. காற்றில் ஆடும் ஒற்றை இழை நூலாம்படை அந்த விளக்கில் வெள்ளைக் கயிறு போலப் படம் முழுக்க மின்னும். யாரும் வராமலே ஆள் நடமாட்டம் என்று இரவெல்லாம் எச்சரிக்கை வந்தால், அமைப்பைத் திறப்பதற்கு முன் ஏணியை எடுத்து உலர்ந்த மெல்லிய துணியால் கேமரா முகப்பைத் துடையுங்கள். முடிந்தால் கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு சாதாரண எல்இடி பல்பு போடுங்கள். பூச்சி அந்தப் பக்கம் போய்விடும், இரைச்சலும் குறையும், படமும் கலரில் கிடைக்கும்.

இப்போது தீர்வுக்கு வருவோம். மகனைப் பார்க்காதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு கேமராவும் ஒரே சமயத்தில் இரண்டு ஸ்ட்ரீம்களைத் தருகிறது. மெயின் ஸ்ட்ரீம் முழுத் தெளிவு, அது ஹார்டு டிஸ்கில் பதிவாவதற்கு. சப் ஸ்ட்ரீம் சிறியது, தூரத்திலிருந்து பார்ப்பதற்கு. துபாய் டேப்லெட்டின் திரை 1280×800 புள்ளிகள் என்றால், நாலு கட்டமாகப் பிரித்த பிறகு ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது 640×400. அதற்குள் 4 மெகாபிக்சல் படத்தை அனுப்பினால் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் புள்ளிகள் அங்கே போய்த் தூக்கி எறியப்படுகின்றன. 640×360 சப் ஸ்ட்ரீம் அந்தக் கட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல.

கம்ப்யூட்டரில் என்விஆரின் அல்லது கேமராவின் பக்கத்தைத் திறந்து, வீடியோ அமைப்புக்குப் போங்கள். பல மாடல்களில் அது Configuration, Video/Audio, Video என்ற வரிசையில் இருக்கும். Stream Type என்ற இடத்தில் சப் ஸ்ட்ரீமைத் தேர்ந்தெடுத்தபின் இப்படி வையுங்கள்:

```
Stream Type:      Sub Stream
Resolution:       640*360
Bitrate Type:     Variable
Frame Rate:       12 fps
Max. Bitrate:     384 Kbps
Video Encoding:   H.265
I Frame Interval: 24
```

கடைசி வரியில் 24 என்பது விநாடிக்கு 12 படங்கள் வீதம் இரண்டு விநாடிக் கணக்கு. முழுப் படம் ஒன்று இரண்டு விநாடிக்கு ஒரு தடவை போகும், இடையில் மாற்றங்கள் மட்டும். இதை மிகவும் குறைத்தால் முழுப் படங்கள் அடிக்கடி போய் பிட்ரேட்டைத் தின்னும், அதிகம் கூட்டினால் ஆப்பைத் திறந்ததும் படம் வர நேரமாகும். படத்தைச் சுருக்கும் முறையான H.265 பழைய டேப்லெட்டில் திணறினால் H.264 வைத்து வரம்பை 512 ஆக்குங்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும், ஒன்றுக்கு வைத்தால் நாலுக்கும் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். மெயின் ஸ்ட்ரீமைத் தொட வேண்டாம், திருட்டு நடந்தால் முகம் தெரிய வேண்டியது அதில்தான்.

அமைப்பு மாற்றியது பாதி வேலை. துபாய் டேப்லெட்டிலும் நாலு கட்டத்தையும் எச்டியிலிருந்து, சப் ஸ்ட்ரீமைக் காட்டும் எஸ்டிக்கு மாற்ற வேண்டும். பல ஆப்கள் கடைசியாக வைத்த தரத்தை ஒவ்வொரு கேமராவுக்கும் தனியாக நினைவில் வைத்திருக்கும். இங்கே சப் ஸ்ட்ரீமைச் செதுக்கி வைத்தாலும் அங்கே எச்டி என்றே இருந்தால் பழைய கதைதான். நாலுக்கும் சேர்த்து இப்போது போவது 1.5 எம்பிபிஎஸ். முன்பு 8. யாராவது வாசலில் நின்றால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் பெரிதாக்கி எச்டியில் பார்க்கட்டும். அதற்கு 2 எம்பிபிஎஸ் தாராளமாக இருக்கிறது.

அடுத்தது ஹால் வைஃபை கேமரா. இது ஆள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இரவு பகலாக 1.5 எம்பிபிஎஸ் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் ஒரு நாளைக்கு 16 ஜிபி, மாதத்துக்கு 486 ஜிபி. மாதம் 1,000 ஜிபி வரம்புள்ள திட்டத்தில் பாதி தீர்ந்துவிடும். வரம்பு தாண்டினால் வேகம் குறைக்கப்படும், அதற்கு யாரும் கேமராவைச் சந்தேகிக்க மாட்டார்கள். இதில் 128 ஜிபி மெமரி கார்டு ஒன்றைப் போட்டுத் தொடர் பதிவைக் கார்டுக்கு மாற்றுங்கள். ஏறத்தாழ ஒரு வாரம் கொள்ளும், நிறைந்ததும் பழையதை அழித்து எழுதிக்கொள்ளும். கேமராவுக்கென்று வரும் "ஹை எண்டூரன்ஸ்" கார்டையே வாங்க வேண்டும். போனுக்கு வாங்கும் சாதாரண கார்டு இரவு பகல் எழுத்தைத் தாங்காது, எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுபோகும். கிளவுட்டுக்கு ஆள் நடமாடும்போது பதியும் சின்ன வீடியோத் துண்டுகள் மட்டும் போகட்டும்.

எல்லாக் கேமராவுக்கும் இப்படிச் செய்யலாமா என்றால், கூடாது. கையெட்டும் உயரத்தில் கேட்டில் இருக்கும் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் அதோடு போய்விடும். அந்தக் கேமராவின் நடமாட்டத் துண்டு வீட்டுக்கு வெளியே எங்காவது போய்ச் சேர வேண்டும். அப்லோடைச் செலவழிக்க மிகவும் தகுதியான கேமரா அதுதான் என்று சொல்வேன். மற்றவற்றின் தொடர் பதிவு வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்.

நடமாட்டப் பதிவுக்கு மாறிய பிறகு எல்லைக் கட்டம் வரைவது முக்கியம். காலிங் பெல் தெருவைப் பார்த்தபடி இருந்தால் போகிற ஒவ்வொரு பைக்குக்கும் ஒரு துண்டு அனுப்பும். ஆப்பில் கண்டறியும் பகுதியைத் திறந்து, கேட்டுக்கு உள்பக்கம் மட்டும் கட்டத்துக்குள் வருமாறு வரையுங்கள். தென்னை மட்டையும் துணிக்கொடியும் கட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மனிதரை மட்டும் கண்டறியும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். துண்டின் நீளம் 20 விநாடி போதும். இதற்கு மேலும் மார்கழி விடியலில் கோலம் போடும் நேரமும் தீபாவளி இரவும் எல்லாக் கேமராவும் ஒரே சமயத்தில் துள்ளத்தான் செய்யும். அந்த ஓரிரு மணி நேரத்துக்காக அமைப்பை மாற்ற வேண்டியதில்லை.

பல்பு, பிளக், ஸ்பீக்கர், ரோபோ துடைப்பான் ஆகியவற்றைச் சந்தேகப்பட வேண்டாம். பிளக்கும் பல்பும் "இருக்கிறேன்" என்று சர்வரிடம் அவ்வப்போது சொல்லும் சில நூறு பைட்டுகள் எந்த இணைப்பையும் அடைக்காது. ஸ்பீக்கர் நீங்கள் கூப்பிட்டுப் பேசும் சில விநாடிகளுக்கு மட்டும் குரலை அனுப்பும். கேமரா வைத்த எதுவும் கணக்கில் வரும், கேமரா இல்லாத கருவிகளை முதல் சுற்றில் விட்டுவிடலாம். போனின் போட்டோ பேக்கப் மட்டும் விதிவிலக்கு. அது கிடைத்த அப்லோடு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் கல்யாணத்துக்குப் போய் வந்த இரவோடு முடிந்துவிடும், கேமரா போல நாள்தோறும் வராது.

கேமராவின் பக்கம் எல்லாம் குறைத்த பிறகு ரவுட்டரில் ஒரு காவல் வைப்பது நல்லது. வரிசை கட்டாயம் உருவாகத்தான் போகிறது என்றால், அது நம் கையில் இருக்கும் ரவுட்டரில் உருவாகட்டும், அங்கே சின்னப் பொட்டலங்களை முன்னால் விடச் சொல்லலாம் என்பதுதான் யோசனை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல மென்பொருள் ஓடும் ரவுட்டரில் `luci-app-sqm` நிறுவினால் `/etc/config/sqm` கோப்பில் இப்படி எழுதலாம்:

```
config queue
    option enabled '1'
    option interface 'wan'
    option download '0'
    option upload '5000'
    option qdisc 'cake'
    option script 'piece_of_cake.qos'
```

`interface` என்ற இடத்தில் உங்கள் ரவுட்டரில் வெளியே போகும் போர்ட்டின் பெயர் வர வேண்டும், எல்லா மாடலிலும் அது `wan` அல்ல. டவுன்லோடுக்கு 0 என்றால் அந்தத் திசையைத் தொடாதே என்று பொருள். அப்லோடு 5000 என்பது கிலோபிட்டில், 6 எம்பிபிஎஸ்ஸில் ஏறத்தாழ 83 சதவீதம். மாடிப் பெட்டியின் வரிசை நிறைவதற்குள் நம் ரவுட்டர் வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதனால்தான் கொஞ்சம் குறைத்து வைக்கிறோம். 5ஜி இணைப்பில் வேகம் ஏறி இறங்கும் என்பதால் காலை எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் மாலையில் பயன்படாது. மோசமான மூன்று மாலைகளில் வேகத்தை அளந்து அதில் குறைந்ததை எடுங்கள். காலையில் 11 வரும்போதும் 5-க்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் இதன் விலை. அந்த விலை கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து, ஏனென்றால் வீடியோ அழைப்புக்கு வேண்டியது சீரான 2 எம்பிபிஎஸ்தான்.

மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்கள் என்விஆருக்கு மட்டும் தனி வரம்பு வைக்கலாம்:

```
/queue simple add name=nvr target=192.168.88.50/32 max-limit=3M/20M
```

முதல் எண் அந்தக் கருவியின் அப்லோடு, இரண்டாவது டவுன்லோடு. வரம்பு வைத்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் ஃபயர்வாலில் fasttrack விதி இருக்கிறதா என்று பாருங்கள். அது ஓடினால் பொட்டலங்கள் இந்த வரிசையைத் தொடாமலே போய்விடும். நெட்காரர் கொடுத்த பெட்டியில் இந்த வசதிகள் பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பின்னால் நம் ரவுட்டரை வைத்து, எல்லாக் கருவியையும் அதன் வழியாகவே விட வேண்டும். ஒரு கேமரா பழைய பெட்டியின் வைஃபையிலேயே தங்கிவிட்டால் அதற்கு வரம்பே இல்லை.

கேமராவில் பிட்ரேட்டைக் குறைக்காமல் ரவுட்டரில் மட்டும் கழுத்தைப் பிடித்தால் வேறு கோளாறு வரும். 8 எம்பிபிஎஸ் அனுப்ப முயலும் என்விஆருக்கு 3 மட்டும் கொடுத்தால் துபாயில் படம் உறைந்து உறைந்து வரும், அடிக்கடி இணைப்பு அறுந்து மறுபடி தொடங்கும். வீட்டு நெட் பிழைத்துக்கொள்ளும், கேமரா செத்துவிடும். அதனால் முதலில் கேமரா, பிறகுதான் ரவுட்டர்.

எல்லாம் செய்தும், மகன் டேப்லெட்டை அணைத்தும், அப்லோடு இன்னும் நிறைந்தே இருந்தால் யாரோ வேறு ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். இது அபூர்வமானதில்லை. கேமரா மாட்ட வந்தவர் தன் போனில், தன் கணக்கில் முதலில் சேர்த்துவிட்டு, அங்கிருந்து வீட்டுக்காரருக்குப் பகிர்ந்திருப்பார். வேலை முடிந்து மூன்று வருடம் ஆன பிறகும் கேமராவின் உரிமையாளர் அவர் கணக்குதான். அப்லோடை விடுங்கள், வீட்டின் ஹால் அவர் போனில் இருக்கிறது என்பதே போதுமான காரணம். ஆப்பில் கருவியின் பகிர்வுப் பட்டியலைப் பாருங்கள். உங்களுக்கே "பகிரப்பட்ட கருவி" என்று காட்டினால் அவரைக் கூப்பிட்டு அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் புதிதாகச் சேர்த்து, என்விஆரின் அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பல என்விஆர்களில் Online Users என்று ஒரு பக்கம் உண்டு, இந்த நிமிடம் யார் இணைந்திருக்கிறார் என்று அதில் தெரியும்.

பார்ப்பவரே யாரும் இல்லை, கிளவுட்டும் இல்லை, அப்படியும் என்விஆர் கேபிளைக் கழற்றினால் பிங் இறங்குகிறது என்றால் இன்னொரு சாத்தியம் இருக்கிறது. 2016-இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களுக்குள்ளும் டிவிஆர்களுக்குள்ளும் புகுந்து, அவற்றை ஒன்றுதிரட்டி அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கியது. ட்விட்டர் உட்படப் பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்தத் தாக்குதலுக்குப் போன தரவில் நிறைய, இப்படி யாரோ ஒருவர் வீட்டு அப்லோடு. மிராய் நினைவகத்தில் மட்டும் தங்குவதால் கருவியை அணைத்துப் போட்டால் போய்விடும், கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் சிறிது நேரத்தில் திரும்பி வரும். "ரீஸ்டார்ட் பண்ணா ரெண்டு மணி நேரம் நல்லா இருக்கு, அப்புறம் பழையபடி" என்ற புகாரை அலட்சியப்படுத்தாதீர்கள். நெட் கேபிளைக் கழற்றிய நிலையிலேயே ஃபேக்டரி ரீசெட் செய்து, நீளமான புதுக் கடவுச்சொல் வைத்து, வெளியிலிருந்து கருவிக்கு வழி திறந்துவிடும் UPnP-யையும் பழைய போர்ட் ஃபார்வர்டிங்கையும் ரவுட்டரில் அணைத்த பிறகு கேபிளை மாட்டுங்கள். தயாரிப்பாளர் புது ஃபர்ம்வேர் தருவதை நிறுத்திவிட்ட பழைய டிவிஆர் என்றால் வீட்டுக்குள் பதிவு செய்ய மட்டும் வைத்துக்கொண்டு, நெட்டே கொடுக்காமல் விடுவது மேல்.

திருச்சி வீட்டில் கடைசிக் கணக்கு இது. மாலை ஏழரை, அப்லோடு 6. துபாய் டேப்லெட் 1.5, பிள்ளையின் வகுப்பு 1.5, கேட் கேமராவும் காலிங் பெல்லும் எப்போதாவது 2. எல்லாம் ஒன்றாக வந்தால் 5, ரவுட்டர் வரம்பும் அதுவே. வெளி வரியில் பிங் 30-லிருந்து 60-க்குள் ஆடும். இந்த அமைப்புகளை ஒரு தாளில் எழுதி என்விஆர் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு சப் ஸ்ட்ரீம் தொழிற்சாலை அளவுக்குத் திரும்பிவிடுவது உண்டு. யாராவது டேப்லெட்டில் கை தவறி எச்டியைத் தொட்டாலும் மறுநாள் ஏழு மணிக்குத் தெரிந்துவிடும், அப்போது எங்கே பார்ப்பது என்று தேட வேண்டியிருக்காது.